கம்பளிப்பூச்சியின் முதுகில் எதைப் பார்க்க வேண்டும்?

மழை பெய்து ஓய்ந்த பின் முருங்கை மரம் இருக்கும் வீடுகளில் ஒரு கவலை தொடங்கிவிடும். அடிமரத்தில் பழுப்பு நிறத்தில் ஏதோ படர்ந்திருப்பதுபோல் தெரியும். அருகே போனால் அத்தனையும் கம்பளிப்பூச்சிகள். யாராவது செல்போனில் படமெடுத்து உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பி, "இது அரிக்குமா?" என்று கேட்பார்கள். வரும் பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். உடம்பு முழுக்க முடி இருந்தால் அரிக்கும் என்பார் ஒருவர். பளிச்சென்ற நிறம் இருந்தால்தான் ஆபத்து என்பார் இன்னொருவர். நீளமான முடிதான் குத்தும் என்பார் மூன்றாமவர்.

மூன்றுமே பாதி உண்மைகள்தாம். அடர்த்தியான முடி கொண்ட புழுக்களில் பல நம்மை ஒன்றும் செய்வதில்லை. பளிச்சென்ற பட்டைகள் போட்ட புழுக்களில் சில, கையில் எடுத்து வைத்துக்கொண்டாலும் தீங்கில்லாதவை. நம் கண்ணில் முதலில் படும் நீள முடியோ, பெரும்பாலும் அரிப்புக்குக் காரணமே அல்ல. ஒரு புழு அரிக்குமா என்று படத்தை வைத்துக் கணிக்க, முடி எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டுவிட்டு அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

புழுவின் உடம்பில் இருப்பவை எல்லாம் ஒரே வகை முடிகள் அல்ல. நீளமான முடிகள் பெரும்பாலும் தொடுவுணர்வுக்கானவை. குளவி நெருங்கும்போது எழும் காற்றசைவைக்கூட அவை உணர்த்திவிடும். பறவையின் அலகுக்கும் புழுவின் தோலுக்கும் இடையே ஓர் இடைவெளியையும் உண்டாக்கும். அரிப்பைத் தருபவை வேறு. சில குடும்பங்களில் அவை மிகச் சிறிய முடிகளாக, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளத்தில், முதுகின் குறிப்பிட்ட இடங்களில் ஆயிரக்கணக்கில் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றின் உடலிலும் பின்னோக்கிய நுண்ணிய கொக்கிகள் இருக்கும், உள்ளே நச்சுப் புரதங்கள் இருக்கும். லேசாக உரசினாலே கழன்று தோலில் ஏறிக்கொள்ளும். தேய்க்கத் தேய்க்க, கொக்கிகளால் முன்னோக்கித்தான் நகருமே தவிர வெளியே வராது.

எந்தச் செல்போன் கேமராவிலும் இந்த முடிகள் தனித்தனியாகத் தெரியாது. ஆனால் அவை இருக்கும் இடத்தை அடையாளம் காட்டும் குறிகள் படத்தில் தெளிவாக விழும். நம் தோட்டங்களில் அரிக்கும் புழுக்களைப் பெரும்பாலும் மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்: முடிக்குஞ்சம் உள்ளவை, நத்தைப்புழுக்கள், முருங்கைக் கம்பளிப்பூச்சி. மூன்றுக்கும் குறிகள் வேறு வேறு.

முதல் கூட்டத்தைக் குஞ்சப்புழுக்கள் எனலாம். ரோஜா, ஆமணக்கு, மா, மாதுளை, கொய்யா என்று எதிலும் இவற்றைப் பார்க்கலாம். இவற்றின் முடி உடல் முழுக்க ஒரே சீராக இருக்காது. தலைக்குப் பின்னால் இருபுறமும் முன்னோக்கி நீளும் இரண்டு கற்றைகள், வால் பக்கத்தில் ஒரு கற்றை, முதுகின் முன்பகுதியில் பல் துலக்கும் பிரஷ்ஷின் நார்களை ஒரே உயரத்தில் வெட்டி நட்டதுபோல் சில குட்டையான குஞ்சங்கள். எல்லா இனங்களிலும் இந்த மூன்றும் ஒருசேர இருக்காது. ஆனால் சில இடத்தில் அடர்த்தி, சில இடத்தில் வெறுமை என்ற ஏற்றத்தாழ்வு எல்லாவற்றிலும் தெரியும்.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு முத்திரையும் உண்டு. முதுகின் நடுக்கோட்டில், வால் பக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிறு புள்ளிகள் இருக்கும். ஆரஞ்சு, சிவப்பு அல்லது மஞ்சள் நிறத்தில் இருக்கும் இவை வண்ணப் பொட்டுகள் அல்ல, சுரப்பிகள். புழுவின் தலைக்குப் பின்னால் உண்மையான கால்கள் கொண்ட மூன்று கண்டங்களை விட்டுவிட்டு, அடுத்த கண்டத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் ஆறாவதிலும் ஏழாவதிலும் இவை இருக்கும். எண்ணிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள், உடல் நீளத்தின் கடைசி மூன்றில் ஒரு பகுதியில் நடுக்கோட்டைப் பார்த்தால் போதும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பொதுமக்களுக்குச் சொல்லித்தரப்படும் அடையாளமும் இதுதான். ஐரோப்பாவிலிருந்து போய், 1897-இல் பக்கத்து மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கண்டறியப்பட்ட பழுப்புவால் அந்துப்பூச்சி அங்கே நிரந்தரத் தொல்லை. அதன் புழு அடர்பழுப்பு நிறம். இருபக்கமும் விட்டுவிட்டு ஓடும் வெள்ளைக் கோடுகள். வால் பக்கம் இரண்டு செம்புள்ளிகள். கோடையில் புல்வெளியை வெட்டும் ஒருவர் ஒரு புழுவைக்கூடப் பார்க்காமலே உடம்பெல்லாம் தடிப்போடு வீடு திரும்புவது அங்கே சாதாரணம். உதிர்ந்து கிடக்கும் நுண்முடிகள் காற்றில் எழுந்து வந்து ஒட்டிக்கொள்வதே காரணம். புழு செத்த பிறகும் ஓராண்டுக்கு மேல் அந்த முடிகளுக்கு வீரியம் இருக்கும். அந்தப் பூச்சியின் நெருங்கிய உறவினர்கள்தாம் நம் ரோஜாச் செடியிலும் ஆமணக்கிலும் வாழும் யூப்ரோக்டிஸ் இனங்கள்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். ரோஜாத் தொட்டியில் எடுத்தது. இலையின் ஓரத்தைத் தின்றுகொண்டிருக்கும் ஒரு புழு. தலை சிவப்பு. தலையைச் சுற்றி வெள்ளை முடிகள். உடல் செம்பழுப்பு. வால் முனைக்குச் சற்று முன்னால் ஒரு நீண்ட கற்றை. முதலில் முடியின் அடுக்கைப் பார்க்க வேண்டும்: சீராக இல்லை, கற்றையாக இருக்கிறது. அடுத்து உடல் வடிவம்: உருண்டு நீண்ட வழக்கமான புழு, தலை நன்றாகத் தெரிகிறது, கால்களும் தெரிகின்றன. ஆகவே நத்தைப்புழு இல்லை. மூன்றாவதாக நடுக்கோடு: படத்தைப் பெரிதாக்கினால் பின்பகுதியில் இரண்டு புள்ளிகள். இதுவரை வந்துவிட்டாலே குஞ்சப்புழு என்பது உறுதி. சிவப்புத் தலையும் வெள்ளை முடியும் வால் பக்கக் கற்றையும் சேர்ந்து யூப்ரோக்டிஸ் ஃப்ராடெர்னா என்ற இனத்தைச் சுட்டுகின்றன.

அதே செடியில் இன்னொரு நாள் வேறொரு புழு: மஞ்சள் கலந்த பழுப்பு உடல், முதுகில் நெடுக ஒரு மஞ்சள் பட்டை, அந்தப் பட்டையின் நடுவே மெல்லிய சிவப்புக் கோடு, முன்பக்கக் கண்டங்களின் மேல் கருமுடிக் குஞ்சங்கள். நிறத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று நினைப்பார். அடுக்கைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரியும். இது போர்த்தீசியா சிண்டிலன்ஸ், இதுவும் அரிக்கும். வண்ணப் பட்டை என்பது ஒரு குடும்பத்துக்குள் எந்த இனம் என்று பிரித்துச் சொல்ல உதவும். அரிக்கும் குடும்பமா என்பதை முதலில் சொல்வது குஞ்சமும் புள்ளியும்தான்.

குஞ்சப்புழுக்கள் எல்லாம் ஒரே அளவில் அரிப்பதில்லை. யூப்ரோக்டிஸ் கூட்டம் கடுமையானது. அடுத்த தோட்டத்தில் காணக் கிடைக்கும் வேறு சில குஞ்சப்புழுக்கள் லேசான நமைச்சலோடு விட்டுவிடும். ஆனால் ஒரு படத்தை மட்டும் வைத்து இந்த அளவைக் கணிப்பது சரியல்ல. குஞ்சமும் இரட்டைப் புள்ளியும் இருந்தால் வெறுங்கையால் தொடாமல் இருப்பதே சரி.

இரண்டாவது கூட்டத்துக்கு உடல் வடிவமே அடையாளம். நத்தைப்புழு என்று வேளாண் துறையினர் அழைக்கும் இதைத் தோட்டத்தில் பார்ப்பவர்கள் முதலில் புழு என்றே நினைப்பதில்லை. 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளத்தில், சற்றே தட்டையாக, முன்னும் பின்னும் மழுங்கி, இலையோடு ஒட்டிக் கிடக்கும். தலை உள்ளே மடங்கியிருக்கும். கால்கள் தெரியாது. நடக்காது, வழுக்கிக்கொண்டே நகரும். நம் பகுதியில் பரவலாக இருப்பது பாராசா லெபிடா: பச்சை உடல், முதுகில் நெடுக நீலப் பட்டைகள், உடலின் ஓரங்களில் வரிசையாகச் சிறு முண்டுகள், ஒவ்வொரு முண்டிலும் கொத்தாக முட்கள். ஆமணக்கு, மா, தென்னை, மாதுளை, ரோஜா என்று இதற்கு உணவுச் செடிகள் ஏராளம்.

குஞ்சப்புழு அரிக்கும், இது கொட்டும். முட்கள் உள்ளே பொள்ளலாக இருக்கும், அடியில் நச்சுச் சுரப்பி இருக்கும். தோலில் முள் நுழைந்து நுனி உடைந்த உடனே தீப்பட்டது போன்ற எரிச்சல் தொடங்கும். குஞ்சப்புழு பட்டால் சில நிமிடங்களோ சில மணி நேரமோ கழித்துத்தான் தடிப்பு தெரியும். எது பட்டது என்று தெரியாதபோது, வலி உடனே வந்ததா தாமதித்து வந்ததா என்பதே நல்ல துப்பு.

இந்த இடத்தில்தான் ஆமணக்கு இலை பலரை ஏமாற்றுகிறது. அதே இலையில் இன்னொரு பச்சைநிற முட்புழுவும் இருக்கும். ஆமணக்கு வண்ணத்துப்பூச்சியின் புழு அது. அதன் உடலெங்கும் கிளைவிட்ட முட்கள், தலையில் இரண்டு நீண்ட கொம்புகள். பார்க்கப் பயமாக இருந்தாலும் அந்த முட்களில் நச்சில்லை. பிரித்தறிவது எளிது: தலையும் கொம்பும் தெரிந்து, உடல் உருண்டு, கால்களால் தண்டைப் பற்றி நின்றால் அது வண்ணத்துப்பூச்சியின் புழு. தலையே தெரியாமல் தட்டையாக ஒட்டிக் கிடந்தால் நத்தைப்புழு. வண்ணத்துப்பூச்சிப் புழு செந்தட்டிக் கொடியையும் தின்னும். செந்தட்டியிலிருந்து அதை எடுப்பவருக்குக் கை அரித்தால் பழி புழுவின் மேல் விழும். அரித்ததோ செந்தட்டி இலையின் சுணை.

மூன்றாவது, முருங்கைக் கம்பளிப்பூச்சி. யூப்டெரோட் மாலிஃபெரா என்பது அறிவியல் பெயர். மேலே சொன்ன இரண்டு சோதனைகளிலும் இது தேறிவிடும் என்பதுதான் சிக்கல். தனிக் குஞ்சங்கள் இல்லை, செம்புள்ளிகள் இல்லை, நத்தை உருவமும் இல்லை. உடல் முழுக்கப் பழுப்பு முடி அடர்ந்திருக்கும். ஆனாலும் கடுமையாக அரிக்கும்.

இதைக் காட்டிக்கொடுப்பது இதன் வாழ்க்கை முறை. பெண் பூச்சி முட்டைகளை இலையிலும் இளந்தண்டிலும் கூட்டமாக இடும். பொரித்த புழுக்கள் வளர்ந்த பிறகும் பிரிவதில்லை. இலையைத் தின்னும், பட்டையைச் சுரண்டும், தின்னாத நேரத்தில் அடிமரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்து கிடக்கும். படத்தில் முருங்கைத் தண்டும், அதன் மேல் ஒரே அளவுள்ள பழுப்புப் புழுக்களின் திட்டும் இருந்தால், தனிப்புழுவின் நுணுக்கங்களை ஆராயாமலே முடிவுக்கு வந்துவிடலாம். கூட்டாக இருப்பதால் கேடும் கூடுகிறது: ஒரு திட்டின் கீழே நிற்பவர் மேல் உரித்த தோலும் உதிர்ந்த முடியும் விழுந்துகொண்டே இருக்கும். முருங்கைக்குக் கீழே கட்டிய கொடியில் துணி காயப்போடும் வீடுகளில், காரணம் தெரியாத அரிப்பு வருவது இதனால்தான்.

மரத்தண்டை ஒட்டிய படம் என்றால் இன்னொரு வகையையும் நினைவில் வைத்திருக்கலாம். சாம்பல் நிறத்தில் பட்டையோடு பட்டையாகத் தட்டையாகக் கிடந்து, இரு பக்கத்திலும் கீழ்நோக்கிச் சரியும் முடி விளிம்பு உள்ள புழுக்கள் உண்டு. இவற்றில் சிலவற்றுக்குத் தலைக்குப் பின்னால் மடிப்புக்குள் அடர்நிற முடிப்பட்டை ஒளிந்திருக்கும். தொந்தரவு செய்தால்தான் மடிப்பு விரிந்து அது வெளியே தெரியும். அந்தப் பட்டை படத்தில் விழுந்துவிட்டால் கைவைக்கக் கூடாது.

இனி, தேவையில்லாமல் அஞ்சப்படும் புழுக்கள். நிலக்கடலை விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த சிவப்புக் கம்பளிப்புழு அவற்றில் முதன்மையானது. மழைக்குப் பின் கூட்டமாக வெளிப்பட்டுப் பயிரை மொட்டையடிக்கும் பூச்சி அது. செம்பழுப்பு முடியும் உடலின் இரு முனைகளில் கறுப்பும் பார்க்க மிரட்டும். ஆனால் அதன் முடி முதுகிலும் பக்கங்களிலும் உள்ள சிறு முண்டுகளிலிருந்து எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே சீராகக் கிளம்பும். தட்டையாக வெட்டிய குஞ்சம் இல்லை, இரட்டைப் புள்ளியும் இல்லை. ஆமணக்கு, வாழை, கோவைக்கொடி ஆகியவற்றில் காணும் கறுப்பு உடல் கம்பளிப்புழுவும் இதே குடும்பம்தான். தொட்டவுடன் சுருண்டு விழும், அல்லது தரையில் வேகமாக ஓடும். பயிருக்குப் பெரும் கேடு. பெரும்பாலோரின் தோலுக்கு ஒன்றும் செய்யாது. மென்மையான தோலோ ஒவ்வாமையோ உள்ளவர்களுக்கு மட்டும் இந்த முடியும் குத்தி லேசாகச் சிவக்கலாம்.

எருக்கஞ்செடியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை என்று குறுக்குப் பட்டைகள் போட்ட ஒரு புழு இருக்கும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. மேலே முடியே இல்லை. முதுகில் கறுப்பான உணர்கொம்புகள் மட்டும் இணையிணையாக நிற்கும். அந்தப் பளிச்சிடும் நிறம் பறவைகளுக்கானது. எருக்கம்பாலிலுள்ள நச்சை உடலில் சேர்த்து வைத்திருப்பதால் தின்றால் கேடு என்று அது அறிவிக்கிறது. தொடுபவருக்கு அரிப்பு வராது.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. புழு வளரும்போது பல முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் நிறமும் பட்டையும் மாறலாம். அரிக்கும் நுண்முடிகளும் பல இனங்களில் பொரித்த நாளிலேயே இருப்பதில்லை, வளர்ந்த பிறகே முளைக்கின்றன. அதனால் போன வாரம் ஒன்றும் செய்யாத அதே கூட்டம் இந்த வாரம் அரிக்கக்கூடும்.

கணிப்பு சரியாக இருக்க வேண்டுமானால் படமும் சரியாக இருக்க வேண்டும். ஒரே படம் போதாது. நேர் மேலிருந்து ஒன்று. முதுகின் நடுக்கோடும் இரட்டைப் புள்ளியும் அதில்தான் தெரியும். பக்கவாட்டில் ஒன்று, கால்கள், தலை, குஞ்சங்களின் உயரம் அதில் தெரியும். செடியின் இலையும் தண்டும் தெரிய சற்றுத் தள்ளி ஒன்று. அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்து இலையில் வைக்கலாம். ஃபிளாஷ் வேண்டாம், வெள்ளை முடிகள் ஒளிர்ந்து அடுக்கு மறைந்துவிடும். மிக நெருங்கிப் போவதைவிட, ஒரு முழம் தள்ளி நின்று பெரிதாக்கி எடுப்பது பாதுகாப்பானது, குறிப்பாகக் காற்று புழுவின் பக்கமிருந்து வீசும்போது.

படத்தில் புழு இல்லாமல் கூடு மட்டும் இருந்தாலும் கவனம் வேண்டும். நத்தைப்புழுவின் கூடு தண்டில் ஒட்டிய கெட்டியான சிறு முட்டை வடிவத்தில் இருக்கும். அதன் மேல் புழுவின் முட்கள் ஒட்டியிருக்கும். குஞ்சப்புழுக்கள் தங்கள் முடியையே இழையோடு சேர்த்துக் கூடு பின்னும். யூப்ரோக்டிஸ் இனத்தின் பெண் அந்துப்பூச்சி முட்டைக் குவியலைத் தன் வால்முடியால் மூடி வைக்கும். காய்ந்த கூட்டையும் வெறுங்கையால் உரித்தெடுக்கக் கூடாது. கூடு, முட்டைக் குவியல், முருங்கைத் திட்டு எதை அகற்றுவதானாலும் முதலில் நன்றாகத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டால் முடி பறக்காது. முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி அணிந்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, நீளமான குச்சியால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளலாம். காய்ந்த திட்டைத் துடைப்பத்தால் பெருக்குவது, முடியைத் தெரு முழுக்கத் தூவுவதற்குச் சமம்.

புழு பட்டுவிட்டால் முதலில் கை போவது சொறிவதற்குத்தான். அதைத்தான் தவிர்க்க வேண்டும். சாம்பலோ உப்போ சாக்குத்துணியோ வைத்துத் தேய்த்தால் கொக்கி முடிகள் இன்னும் ஆழமாகப் போகும். செல்லோடேப் துண்டு ஒன்றைப் பட்ட இடத்தில் ஒட்டி மெதுவாக உரித்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு. நான்கைந்து முறை இப்படிச் செய்த பிறகு ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவலாம். துணியை உடனே மாற்றித் தனியாகத் துவைக்க வேண்டும். தடிப்புக்குக் குளிர்ந்த ஒத்தடமும் கலமைன் லோஷனும் போதும். அரிப்பு அடங்காவிட்டால் மருத்துவரைக் கேட்டு ஒவ்வாமை மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கழிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கண்ணில் முடி விழுந்தால் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவலாம், கசக்கக் கூடாது. தோலில் நடப்பதே கண்ணிலும் நடக்கும்: ஒவ்வொரு கசக்கலுக்கும் இமைத்தலுக்கும் முடி உள்நோக்கி நகரும், கருவிழியைத் தாண்டியும் போய்விடலாம். வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த முடியைக் கண் மருத்துவரால் நுண்ணோக்கி வழியாகப் பார்த்து எடுக்க முடியும். போகும்போது புழுவின் படத்தையும் கொண்டுபோனால் நல்லது. மேலிருந்து எடுத்த படத்தில் இரட்டைப் புள்ளியோ, அடிமரத்தில் பழுப்புத் திட்டோ தெரிந்தால் எப்படிப்பட்ட முடியைத் தேட வேண்டும் என்பது மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.